ஐந்து சாப்பாட்டு மேசை செட், எட்டுக் கிழமை: சிறு தளபாடப் பட்டறைக்குப் பொருள் தேவைத் திட்டமிடல்

கோண்டாவில் பக்கம் மூன்று தச்சர்களை வைத்துத் தளபாடப் பட்டறை நடத்துகிறேன். ஒரு ஓடர் வந்தால் எந்தப் பொருளை எத்தனை, எந்தக் கிழமையில் ஓடர் பண்ண வேண்டும் என்று கணக்குப் பார்க்கும் முறையைத்தான் பொருள் தேவைத் திட்டமிடல், சுருக்கமாக எம்.ஆர்.பி. என்கிறார்கள். கடைச் சாமான்களில் அச்சிடும் உச்ச விலைக்கும் இதே எழுத்துகள்தான், ஆனால் அது வேறு. 1960-களில் அமெரிக்காவில் ஜோசப் ஓர்லிக்கி என்பவர் பெரிய தொழிற்சாலைகளுக்காக வளர்த்தெடுத்த முறை இது. அதன் அடிப்படை எளிது: வாடிக்கையாளர் எத்தனை மேசை கேட்பார் என்பதை ஊகிக்கத்தான் முடியும், ஆனால் அந்த மேசைக்கு எத்தனை கால் வேண்டும் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை, கணக்குப் போட்டே சொல்லலாம். பெரிய மென்பொருள் எதுவும் இல்லாமல் ஒரு கொப்பியிலோ எக்செல் தாளிலோ இதைச் செய்துவிடலாம்.

ஒரே ஒரு ஓடரை எடுத்துக்கொண்டு முழுவதும் போட்டுக் காட்டுகிறேன். நல்லூருக்குப் பக்கத்தில் ஒரு விருந்தினர் விடுதி, திருவிழாவுக்கு ஆட்கள் வந்து தங்குமுன் ஐந்து சாப்பாட்டு மேசை செட் வேண்டும் என்று கேட்கிறது. ஒரு செட் என்றால் ஆறடிக்கு மூன்றடி தேக்கு மேசை ஒன்று, ரெக்சின் குஷன் வைத்த கதிரை ஆறு. இன்று 1ஆம் கிழமை, கொடுக்க வேண்டியது 9ஆம் கிழமை. இனி நான் "9ஆம் கிழமை" என்றால் அந்தக் கிழமையின் திங்கள் காலை என்று எடுத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு விதியைக் கடைசிவரை மாற்றாமல் வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் எங்கோ ஓரிடத்தில் ஒரு கிழமை தவறிவிடும்.

முதல் வேலை: பொருட்பட்டியல்

பொருட்பட்டியல் என்றதும் பலரும் சாமான் கடைக்குக் கொண்டுபோகும் துண்டு மாதிரி நினைக்கிறார்கள்: பலகை இவ்வளவு, ரெக்சின் இவ்வளவு, லாக்கர் இவ்வளவு. அது போதாது. எது எதற்குள் போகிறது, எந்தக் கட்டத்தில் போகிறது என்று மரம் கிளைவிட்ட மாதிரி எழுத வேண்டும். பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு காலம் எடுக்கும் என்றும் எழுத வேண்டும். பொலிஷ் போடாத சாமானை எங்கள் பட்டறையில் வெறும் மேசை, வெறுங்கதிரை என்போம், கீழேயும் அப்படியே எழுதியிருக்கிறேன்.

```
செட் 1                        1 கிழமை (பொலிஷ், குஷன் பூட்டுதல்)
  வெறும் மேசை 1              2 கிழமை
    தேக்குப் பலகை 3 கன அடி    3 கிழமை
  வெறுங்கதிரை 6              3 கிழமை
    தேக்குப் பலகை 0.8 கன அடி  3 கிழமை
  குஷன் 6                     2 கிழமை
    ரெக்சின் 0.3 மீற்றர்      2 கிழமை
  லாக்கர் 3 லீற்றர்           1 கிழமை
```

ஒவ்வொரு வரியிலும் உள்ள அளவு, அது எதற்குள் போகிறதோ அதில் ஒன்றுக்கானது. அதாவது 0.8 கன அடி என்பது ஒரு கதிரைக்கு, ஒரு செட்டுக்கு அல்ல. அந்த 0.8 எப்படி வந்தது? பின்கால் இரண்டும் வளைந்து போவதால் 4 அங்குல அகலப் பலகையில் கீற வேண்டியிருக்கிறது, அதுவே கதிரையின் மரத்தில் பாதிக்கு மேல் தின்றுவிடும். முன்கால், குறுக்குச் சட்டம், சாய்வுப் பலகை எல்லாம் சேர்த்துக் கூட்டினால் 0.7 கன அடி, அதற்கு மேல் வாள் தின்பதும் வெடிப்பு, கணு என்று ஒதுக்குவதும் இருக்கிறது. மேசைக்கு 2.6 கன அடி கணக்கு வரும், மேற்பலகையில் வெடிப்போ வெள்ளையோ தெரியக்கூடாது என்பதால் ஒதுக்குவது அதிகம், ஆகவே 3 என்று வைத்திருக்கிறேன். கழிவைப் பட்டியலிலேயே சேர்த்துவிடுங்கள். "பிறகு பார்த்துக்கொள்வோம்" என்று விட்டால் கடைசி இரண்டு கதிரைக்கு மரம் இருக்காது. உங்கள் பட்டறையில் எண்கள் வேறாக இருக்கும், ஒரு தடவை ஒரு கதிரைக்குப் போன பலகையை அளந்து எழுதினாலே தெரிந்துவிடும்.

இங்கே எளிதாக இருக்கட்டும் என்று எல்லாப் பலகையையும் ஒரே பொருளாகக் காட்டியிருக்கிறேன். உண்மையில் 1 அங்குலப் பலகையையும் 2 அங்குலப் பலகையையும் தனித்தனி வரியாக எழுத வேண்டும், ஏனென்றால் பத்துக் கன அடி 1 அங்குலப் பலகை கையில் இருந்தாலும் அதிலிருந்து ஒரு கதிரைக்கால் எடுக்க முடியாது.

இப்போது பட்டியலில் குஷன் இருக்கும் இடத்தைப் பாருங்கள். கதிரையின் குஷன் தானே, கதிரைக்குக் கீழேதானே எழுத வேண்டும் என்று தோன்றும். நானும் முதலில் அப்படித்தான் எழுதி வைத்திருந்தேன், அதனால் ஒரு தடவை நன்றாக அடிபட்டேன். பதினெட்டுக் கதிரை ஓடர். ஆறு வெறுங்கதிரை ஏற்கெனவே பரணில் இருந்தது, ஆகவே பன்னிரண்டு செய்தால் போதும் என்று வந்தது, சரி. ஆனால் குஷன் கதிரைக்குக் கீழே எழுதப்பட்டிருந்ததால் அதுவும் பன்னிரண்டு என்றே வந்தது. லொறி வாசலில் நிற்கிறது, பூட்டிக்கொண்டிருந்த பையன் வந்து கேட்கிறான்: "அண்ணை, ஆறு கதிரைக்குக் குஷன் எங்கை?" பரணில் இருந்த ஆறும் குஷன் இல்லாத வெறுங்கதிரைகள். பொலிஷ் முடிந்த பிறகுதான் நாங்கள் குஷன் பூட்டுவோம், ஆகவே குஷன் சேர்வது வெறுங்கதிரையில் அல்ல, அதற்கு மேல் கட்டத்தில். பட்டியலில் ஒரு படி மேலே ஏற்றி எழுதியிருந்தால் பதினெட்டு என்று சரியாக வந்திருக்கும். பொருட்பட்டியல் வேலை நடக்கும் ஒழுங்கைக் காட்ட வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான். வரைபடத்தில் எது எதோடு ஒட்டியிருக்கிறது என்பது வேறு விஷயம்.

லீட் டைம் எங்கிருந்து வருகிறது

லீட் டைம் என்பது "வேண்டும்" என்று முடிவெடுத்த நாளிலிருந்து கையில் ரெடியாக இருக்கும் நாள்வரை உள்ள காலம். வேலை செய்யும் நேரம் அதில் ஒரு பங்குதான். ஒரு கதிரைக்கு ஒரு தச்சருக்கு ஒன்றரை நாள் போதும், ஆனால் இருபது முப்பது கதிரையைத் தொகுதியாகக் கீறி, கழுந்து வெட்டி, துளை போட்டு, பசை வைத்து இறுக்கிக் காயவிட்டு எடுக்க மூன்று கிழமை போகிறது. பலகையின் மூன்று கிழமையும் அப்படித்தான். மரக்காலையில் சொன்னால் ஒரு கிழமைக்குள் வந்துவிடும், வன்னியிலிருந்து ஏற்றி வருவதானால் அனுமதிப்பத்திரமும் அதற்குள் கிடைத்திருக்க வேண்டும். வந்த பிறகு பட்டறைக்குள் இடையிடையே சட்டம் வைத்து அடுக்கி இரண்டு கிழமை விடுகிறேன், இல்லாவிட்டால் மேசைப் பலகை பிறகு சுருங்கி ஒட்டு விரிகிறது. இது ஏற்கெனவே காய்ந்து வந்த பலகைக்கு மட்டும். பச்சை மரம் என்றால் மாதக் கணக்கு, இந்தத் தாளுக்குள் அடங்காது.

இந்த எண்களை யோசித்து எழுதாதீர்கள். ஒரு கொப்பியில் ஒவ்வொரு ஓடருக்கும் இரண்டு திகதிகளை மட்டும் எழுதி வாருங்கள்: சொன்ன நாள், வந்த நாள். ஆறேழு பதிவு சேர்ந்ததும் பாருங்கள். குஷன் தைப்பவர் எப்போது கேட்டாலும் "பத்து நாள் அண்ணை" என்றுதான் சொல்வார், கொப்பி பார்த்தால் எட்டு, பதின்மூன்று, பதினொன்று, பதினான்கு நாள் என்று நிற்கும். சராசரியை எடுத்தால் பாதித் தடவை பிந்திவிடும், ஆகவே நான் இரண்டு கிழமை என்று எடுக்கிறேன். எப்போதோ ஒரு தடவை முப்பது நாள் போனதை எடுத்துக்கொள்வதும் பிழை, அப்படி எல்லாவற்றையும் நீட்டினால் பட்டறை முழுக்கப் பொருளும் காசும் முன்கூட்டியே வந்து முடங்கிவிடும்.

பருவமும் மாறும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றில் ஈரம் ஏறி லாக்கர் மேல் வெள்ளைப் புகை படிந்த மாதிரி வெளிறிவிடும், வெயில் பார்த்துத்தான் அடிக்க வேண்டும். அந்த மாதங்களில் பொலிஷுக்கு இரண்டு கிழமை எழுதுகிறேன். திருவிழாக் காலத்தில் சோளகக் காற்று தூசியைக் கொண்டுவந்து ஒட்டும், ஆனால் படங்கு கட்டி மறைத்தால் ஒரு கிழமையில் முடிகிறது.

மேலிருந்து கீழே, பின்னாலிருந்து முன்னால்

இனிக் கணக்கு. ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று கேள்விதான். மொத்தம் எத்தனை வேண்டும், எந்தக் கிழமையில்? கையிருப்பும் வரவிருப்பதும் போக எத்தனை குறைகிறது? அந்தக் குறையை நிரப்ப எந்தக் கிழமையில் தொடங்க வேண்டும்? மூன்றாவது கேள்விக்கு விடை, தேவைப்படும் கிழமையிலிருந்து லீட் டைமைக் கழித்தால் வரும். மேலே உள்ள பொருளைத் தொடங்கும் கிழமைதான் கீழே உள்ள பொருள் தேவைப்படும் கிழமை. இந்தத் தொடர்பு பிடிபட்டால் மீதி எல்லாம் கழித்தல்தான்.

செட்டிலிருந்து தொடங்குவோம். 9ஆம் கிழமையில் ஐந்து வேண்டும், கையில் ஒன்றும் இல்லை, பொலிஷுக்கு ஒரு கிழமை. ஆகவே 8ஆம் கிழமை பொலிஷ் தொடங்க வேண்டும், அந்தத் திங்களில் ஐந்து வெறும் மேசை, முப்பது வெறுங்கதிரை, முப்பது குஷன், 15 லீற்றர் லாக்கர் எல்லாம் பட்டறையில் நிற்க வேண்டும். குஷன் உண்மையில் கிழமைக் கடைசியில்தான் தேவை, ஒரு சில நாள் முந்தி வந்தாலும் பொலித்தீன் உறையோடு மூலையில் வைக்கலாம். ஒரு செட்டின் மேசையையும் கதிரையையும் ஒன்றாகவே பொலிஷ் போடுகிறோம், இல்லாவிட்டால் நிறம் ஒத்துவராது. அதனால்தான் இந்தக் கட்டம் செட்டோடு இருக்கிறது.

மேசை: கையிருப்பு இல்லை, ஐந்தும் செய்ய வேண்டும், இரண்டு கிழமை, ஆகவே 6ஆம் கிழமை தொடக்கம்.

கதிரை: முப்பது வேண்டும். பரணில் எட்டு இருக்கிறது என்று கொப்பி சொல்கிறது. போய்ப் பார்த்தேன், இரண்டில் பின்கால் கழுந்து விட்டிருக்கிறது. ஆகவே கையிருப்பு ஆறு, செய்ய வேண்டியது இருபத்து நான்கு, மூன்று கிழமை, 5ஆம் கிழமை தொடக்கம். கணக்குத் தொடங்கு முன் கையிருப்பைக் கண்ணால் பார்த்து எண்ணுங்கள். இந்த முறை பிழைக்கும் இடங்களில் பாதி இதுதான், கொப்பியில் இருப்பது பரணில் இருக்காது.

குஷன்: முப்பது, இரண்டு கிழமை, 6ஆம் கிழமை தைப்பவரிடம் கொடுக்க வேண்டும். ஃபோம் அவருடையது, ரெக்சின் நாங்கள் கொடுப்பது. முப்பதுக்கு 9 மீற்றர் ரெக்சின் 6ஆம் கிழமை கையில் இருக்க வேண்டும், கொழும்பிலிருந்து வர இரண்டு கிழமை, ஆகவே 4ஆம் கிழமை ஓடர். அலுமாரியில் 4 மீற்றர் ரெக்சின் கிடக்கிறதே, அதைக் கழிக்கலாமா? அது கபிலம், விடுதிக்காரர் கேட்டது மெரூன். கழிக்கக்கூடாது. நிறம் வேறானால் பொருளே வேறு, தனி வரி.

லாக்கர்: 15 லீற்றர், கையில் 4, குறைவது 11. நான்கு லீற்றர் ரின்னாகத்தான் வாங்குகிறேன், ஆகவே மூன்று ரின், 7ஆம் கிழமை.

பலகை: ஒரே கையிருப்பை இரண்டு தடவை கழிக்காதீர்கள்

பலகையைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. அது மேசைக்குக் கீழேயும் வருகிறது, கதிரைக்குக் கீழேயும் வருகிறது. பட்டறையில் காய்ந்த பலகை 10 கன அடி இருக்கிறது. கதிரைக் கணக்குப் போடும்போதே பலகையையும் போட்டால்: 24 கதிரைக்கு 19.2 கன அடி, கையிருப்பு 10, குறைவது 9.2. பிறகு மேசைக் கணக்கில்: 5 மேசைக்கு 15, கையிருப்பு 10, குறைவது 5. கூட்டினால் 14.2 கன அடி வாங்கினால் போதும் என்று வரும். உண்மையில் வேண்டியது மொத்தம் 34.2, கையில் 10, வாங்க வேண்டியது 24.2. அதே பத்துக் கன அடி இரண்டு தடவை கழிந்துபோனது. காகிதத்தில் இது கண்ணில் படவே படாது, 6ஆம் கிழமை மேசைக்குப் பலகை எடுக்கப் போகும்போதுதான் தெரியும், அப்போது மூன்று கிழமை பிந்தியாகிவிட்டது.

இதைத் தவிர்க்க ஒரு விதி போதும். ஒரு பொருளைப் பயன்படுத்தும் எல்லாவற்றின் கணக்கும் முடிந்த பிறகே அந்தப் பொருளின் கணக்கைத் தொட வேண்டும். பட்டியலில் ஒரு பொருள் எங்கெங்கே வருகிறது என்று பார்த்து, அது வரும் மிகக் கீழான மட்டத்தின் எண்ணை அதன் பெயருக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள். 0 செட், 1 மேசை, கதிரை, குஷன், லாக்கர், 2 பலகை, ரெக்சின். கணக்கை இந்த ஒழுங்கிலேயே போடுங்கள். நாளைக்குக் குஷனுக்கு அடியில் வைக்கும் பலகையையும் நீங்களே வெட்டிக் கொடுக்கத் தொடங்கினால், பலகையின் எண் மாறவேண்டுமா என்று திரும்பப் பாருங்கள்.

சரியாகப் போட்டால் பலகை இப்படி வருகிறது: 5ஆம் கிழமை கதிரைக்கு 19.2, கையில் உள்ள 10 போகக் குறை 9.2, மூன்று கிழமை பின்னுக்குப் போனால் 2ஆம் கிழமை ஓடர். 6ஆம் கிழமை மேசைக்கு 15, அது 3ஆம் கிழமை ஓடர். அடுத்தடுத்த கிழமைகளில் லொறிக்கூலி இரண்டு தடவை கொடுப்பதில் அர்த்தம் இல்லை, இரண்டையும் சேர்த்து 2ஆம் கிழமையில் 25 கன அடியாகச் சொல்லிவிடுகிறேன்.

| பொருள் | குறைவது | தேவைப்படும் கிழமை | தொடங்கும் கிழமை |
|---|---|---|---|
| செட் | 5 | 9 | 8 |
| வெறும் மேசை | 5 | 8 | 6 |
| வெறுங்கதிரை | 24 | 8 | 5 |
| குஷன் | 30 | 8 | 6 |
| லாக்கர் | 3 ரின் | 8 | 7 |
| ரெக்சின் | 9 மீற்றர் | 6 | 4 |
| பலகை | 25 கன அடி | 5, 6 | 2 |

இந்தத் தாளில் முதலில் பார்க்க வேண்டியது, தொடங்கும் கிழமைகளில் ஆகச் சிறிய எண். பலகை 3, கதிரை 3, பொலிஷ் 1, மொத்தம் ஏழு கிழமை. இந்தச் சங்கிலிதான் நீளம், ரெக்சின் சங்கிலி ஐந்து கிழமைதான். நமக்கு ஒரு கிழமை மிச்சம் இருக்கிறது. யாராவது இதே செட்டுகளை ஐந்து கிழமையில் கேட்டால் பலகையின் தொடக்கம் கடந்துபோன கிழமையில் விழும், அப்போது காய்ந்த பலகை கையில் இருந்தால் ஒழிய அந்த ஓடரை அந்தத் திகதிக்கு ஏற்க முடியாது என்று முற்பணம் வாங்கு முன்னரே தெரிந்துவிடும்.

ரெக்சினை ஏன் முதல் கிழமையே வாங்கி வைக்கக்கூடாது என்று கேட்கலாம். வாங்கலாம், காசும் அத்தோடு முடங்கும். ஆனால் விடுதிக்காரருக்கு நிறத்தை மாற்ற 4ஆம் கிழமைவரை இடம் இருக்கிறது என்பதை இந்தத் தாள்தான் எனக்குச் சொல்கிறது, அதை அவரிடமும் சொல்லிவிடுகிறேன்.

திருகாணி, மரப்பசை, சாண்ட்பேப்பர் எதையும் பட்டியலில் காணோமே என்றால், வேண்டுமென்றுதான் விட்டேன். விலை குறைந்தவை, பக்கத்துக் கடையில் அன்றே கிடைப்பவை. இரண்டு டப்பா வையுங்கள், ஒன்று முடிந்ததும் வாங்கச் சொல்லுங்கள், அது போதும். அவற்றையும் கிழமை கிழமையாகக் கணக்குப் போடத் தொடங்கினால் இரண்டு மாதத்தில் கொப்பியையே விட்டுவிடுவீர்கள்.

எக்செலில் போடுவதானால்

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சிறு கட்டம். B1 இல் லீட் டைம், C நிரலிலிருந்து கிழமைகள். 2ஆம் வரி மொத்தத் தேவை, 3ஆம் வரி ஏற்கெனவே ஓடர் பண்ணி வரவிருப்பது, 4ஆம் வரி கிழமை முடிவில் இருப்பு, 5ஆம் வரி குறைவது, 6ஆம் வரி தொடங்க வேண்டியது. B4 இல் இன்றைய கையிருப்பு.

```
C5: =MAX(0, C2-C3-B4)
C4: =B4+C3+C5-C2
C6: =OFFSET(C5,0,$B$1)
```

மூன்றையும் வலப்பக்கமாக இழுத்துவிடுங்கள். OFFSET செய்வது ஒன்றே: லீட் டைம் அளவு கிழமை தள்ளி உள்ள குறையை எடுத்து இந்தக் கிழமையில் காட்டுகிறது. பிறகு கதிரையின் 2ஆம் வரியில் செட்டின் 6ஆம் வரியை ஆறால் பெருக்கி இணையுங்கள், பலகையின் 2ஆம் வரியில் கதிரையின் 6ஆம் வரி × 0.8 உடன் மேசையின் 6ஆம் வரி × 3 ஐக் கூட்டுங்கள். இப்படிக் கூட்டிவிட்டால் இரட்டைக் கழிப்பு தானாகவே நின்றுவிடும். பலகை ஓடர் கொடுத்ததும் அதை 3ஆம் வரியில் வரும் கிழமைக்கு நேரே எழுத மறக்காதீர்கள். எழுதாவிட்டால் தாள் அதையே திரும்ப வாங்கச் சொல்லும்.

தாளுக்குத் தெரியாத ஒன்று: ஆட்கள்

எம்.ஆர்.பி. பொருளைப் பற்றி மட்டுமே கணக்குப் போடும். மூன்று தச்சர்களுக்கு எத்தனை கை என்று அதற்குத் தெரியாது. தாளின்படி கதிரை 5, 6, 7ஆம் கிழமைகளில் நடக்கிறது, மேசை 6, 7இல். ஒரு கதிரைக்கு ஒன்றரை ஆள்நாள், ஆகவே 24 கதிரைக்கு 36. மேசைக்கு நான்கு ஆள்நாள், ஐந்துக்கு 20. கதிரை வேலையைச் சமமாகப் பிரித்தால் கிழமைக்கு 12, மேசை கிழமைக்கு 10. ஒரு கிழமைக்கு மூன்று பேர், ஆறு நாள், 18 ஆள்நாள். 5ஆம் கிழமையில் 12 தான் வேலை, ஆறு மிச்சம். 6, 7ஆம் கிழமைகளில் 22 வேலை, ஒவ்வொன்றிலும் நான்கு குறைகிறது.

ஆகவே மேசை வேலையை ஒரு கிழமை முன்னுக்கு இழுத்து, 5ஆம் கிழமையின் ஆறு ஆள்நாளை அதற்குக் கொடுத்தேன். பலகையை ஒரே லொறியில் 2ஆம் கிழமையே சொன்னதால் 5ஆம் கிழமையில் மேசைக்கும் மரம் இருக்கும், இல்லாவிட்டால் இழுத்தும் பயனில்லை. இன்னும் இரண்டு ஆள்நாள் குறைகிறது. அதற்கு 4ஆம் கிழமைக் கடைசியில், கையில் ஏற்கெனவே உள்ள பத்துக் கன அடியில் பின்கால்களைக் கீறத் தொடங்கச் சொன்னேன். ஒவ்வொரு ஓடரிலும் பொருள் கணக்கு முடிந்ததும் இந்த ஆள்நாள் கூட்டலையும் கிழமை கிழமையாகப் போட்டுப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை.

நடுவில் ஓடர் மாறினால்

4ஆம் கிழமை விடுதிக்காரர் அழைத்தார். "தம்பி, ஐந்து காணாது, ஆறாக்கித் தாங்கோ." முன்பென்றால் "சரி அண்ணை, பார்ப்பம்" என்று சொல்லியிருப்பேன். இப்போது தாளில் 5 ஐ 6 ஆக்கிப் பார்த்தேன். இன்னொரு செட்டுக்கு 7.8 கன அடி வேண்டும். 25 வாங்கியதில் 0.8 மிச்சம் வரும், ஆக 7 குறைகிறது. அதை 2ஆம் கிழமையே சொல்லியிருக்க வேண்டும். இன்று சொன்னால் 7ஆம் கிழமைதான் மரம் பாவிக்கலாம், அதற்கு மேல் கதிரைக்கு மூன்று, பொலிஷுக்கு ஒன்று, 11ஆம் கிழமை.

இங்கே தாள் கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறது. மூன்று கிழமை என்பது இருபது முப்பது கதிரைத் தொகுதிக்கு வைத்த காலம். ஆறு கதிரையும் ஒரு மேசையும் 13 ஆள்நாள்தான், 8ஆம் கிழமையில் ஆட்கள் ஓய்ந்ததும் ஒரே கிழமையில் முடிந்துவிடும், 10ஆம் கிழமை கொடுக்கவும் வாய்ப்பிருக்கிறது. லீட் டைமைத் தொகுதியின் அளவு பார்க்காமல் நிலையான எண்ணாக எடுப்பது இந்த முறையின் பெரிய குறை, அதை மனிதர்தான் பார்த்துத் திருத்த வேண்டும். ஆனாலும் பசை காய்வது, பொலிஷ் இரண்டாம் தடவை போடுவது எல்லாம் யோசித்து அவருக்கு நான் 11 என்றுதான் சொன்னேன். ஐந்து செட் சொன்னபடி 9இல் வரும், ஆறாவதை 11இல் தருகிறேன், ரெக்சினை இன்றுதான் சொல்லப் போகிறேன், ஆகவே 9 மீற்றருக்குப் பதில் 11 மீற்றராக ஒரே சுருளில் எடுத்துவிடுகிறேன், நிறம் மாறாது என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப ஆறாவதைத் திருவிழா முடியுமுன் தந்தால் போதும்" என்றார். போனை வைத்ததும் மரக்காலைக்கு அழைத்து 7 கன அடி சொன்னேன்.